அந்தமானில் பதினொன்றேகாலுக்கே உச்சி வெயில்

சென்னையிலிருந்து அந்தமானின் ஸ்வராஜ் தீவுக்குப் போகிறவர்களுக்கு முதல் நாள் கடிகாரம் குழப்பும். காலை ஐந்தரைக்கே அறைக்குள் பளிச்சென்று வெளிச்சம்; மாலை ஐந்தரைக்குச் சூரியன் கடலில் இறங்கிவிடும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. முன்பு ஹேவ்லாக் என்று அழைக்கப்பட்ட இந்தத் தீவோ 93 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், இங்கே சூரியன் கடிகாரத்தை நாற்பது நிமிடம் முந்திக்கொண்டு ஓடுகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் உச்சி வெயில் பதினொன்றேகாலை ஒட்டியே வந்துவிடும்.

இது வெறும் பூகோளப் பாடமல்ல. “பத்து மணி வெயில்தானே” என்று கடலில் இறங்குகிறவர்கள் மேல் விழுவது, சென்னையில் பத்தே முக்கால் தாண்டி அடிக்கிற வெயில். ஸ்நார்கெலிங் படகுகள் எலிஃபண்ட் பீச்சுக்குக் கிளம்புவதும் காலையில்தான். எட்டரைக்குப் படகு ஏறி, மீனும் பவளமும் பார்த்து, ஒரு மணிக்குக் கரை திரும்பினால் நாளின் மிகக் கடுமையான வெயில் முழுவதும் கடலிலேயே கழிந்திருக்கும்.

ஆனால் அப்போது சுடாது. ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. வெயிலில் நாம் உணரும் சூடு வேறு, தோலைப் பொசுக்கும் புற ஊதாக் கதிர் வேறு. அந்தக் கதிர் படுவது யாருக்கும் தெரியாது. கடற்காற்றும் தண்ணீரும் சூட்டைத் தணித்துவிடுகின்றன, கதிரைத் தணிப்பதில்லை. அரை மீட்டர் ஆழத்தில்கூட, மேற்பரப்பில் இருப்பதில் ஏறக்குறைய 40 சதவீதம் இறங்கிவிடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மெல்லிய மேகமும் பெரிய தடையல்ல. நம்பக்கூடிய அளவுகோல் நம் நிழல்தான். அது நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமையானது.

மார்ச் கடைசியில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என நால்வர் அந்தப் படகில் போவதாக வைத்துக்கொள்வோம். கையில் 50 மில்லி சன்ஸ்கிரீன் ட்யூப் ஒன்று. ஒரு வாரத்துக்குப் போதும் என்று வாங்கியது. ட்யூபில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் பெற்றது. ஒரு பெரியவருக்கு அந்த அளவு சுமார் 35 மில்லி, அதாவது ஏழு டீஸ்பூன்: முகத்துக்கும் கழுத்துக்கும் ஒன்று, கைகளுக்கு ஒவ்வொன்று, கால்களுக்கு ஒவ்வொன்று, மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. நீச்சல் உடையில் அப்பா ஒரு முறை ஒழுங்காகப் பூசினாலே ட்யூபில் முக்கால் பங்கு போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், நீந்தித் துவட்டிய பிறகும் மறுபடி பூச வேண்டும். நடைமுறையில் எல்லோரும் இதில் பாதியோ கால்வாசியோதான் பூசுகிறார்கள். 50 என்று எழுதியிருந்தாலும் அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

அதனால் க்ரீமை நம்புவதைவிட உடையை நம்புவது நல்லது. முழுக்கை வைத்த லைக்ரா நீச்சல் சட்டையும் முழங்காலுக்குக் கீழ் இறங்கும் கால்சட்டையும் போட்டால், முகம், கழுத்து, கை, பாதம், கெண்டைக்கால் மட்டுமே மிஞ்சும். க்ரீமும் நாளைக் கடக்கும். இதற்குப் பதிலாகப் பழைய வெள்ளை பனியனை மாட்டிக்கொண்டு இறங்குவது பலருடைய வழக்கம். மெல்லிய பருத்தி நனைந்துவிட்டால் கதிர் இன்னும் எளிதாக ஊடுருவும். ஸ்நார்கெலிங்கில் முகம் தண்ணீருக்குள், முதுகு வானத்துக்கு. ஆகவே பொசுங்குவதும் முதுகு, பின்கழுத்து, முழங்காலின் பின்புறம், கெண்டைக்கால். தனக்குத் தானே பூச எட்டாத இடங்கள் இவையே.

“நம்ம கறுப்புத் தோலுக்கு என்ன ஆகப்போகுது?” என்பது அடுத்த எண்ணம். கருநிறம் ஓரளவு காப்பது உண்மை, மணிக்கணக்கில் அல்ல. வெள்ளைத் தோல் சிவந்து எச்சரிக்கும். நம் தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. கை வைத்தால் அனல், இழுத்துப் பிடிப்பது போன்ற இறுக்கம், துண்டு பட்டால் எரிச்சல் என்று தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் உடனே வராது. மூன்று முதல் ஐந்து மணி நேரம் கழித்துத் தொடங்கி, அடுத்த நாள்தான் உச்சத்துக்குப் போகும். நம் கதையில் அப்பாவுக்கு மாலை ஐந்து மணிக்கு முதுகு காந்தும். இரவு மல்லாந்து படுக்க முடியாது. காலையில் சட்டை போட முடியாது.

அன்று மாலையே செய்ய வேண்டியவை உண்டு. குளிர்ந்த நீரில் குளித்து, நனைத்த மெல்லிய துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு விட்டுப் போர்த்தலாம். பனிக்கட்டியை நேரே வைத்தால் பாதிக்கப்பட்ட தோல் மேலும் கெடும். ஈரம் காயும் முன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ கற்றாழை ஜெல்லோ தடவலாம். தேங்காய் எண்ணெயும் நெய்யும் சூட்டைத் தோலுக்குள்ளேயே நிறுத்திவிடும். பற்பசை எரிச்சலைக் கூட்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐபூபுரூஃபன் வீக்கத்தையும் குறைக்கும் என்றாலும், சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்களும், நீர் வற்றிக் கிடப்பவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும். கொப்புளத்தை உடைக்காமல் விட்டால் அதுவே கட்டுப்போட்ட மாதிரி.

நீர் வற்றுவதும் இதே போலத் தெரியாமல் நடப்பதுதான். கடற்காற்று வியர்வையை உடனுக்குடன் காய வைப்பதால் உடம்பு வியர்த்ததே தெரியாது. நீந்தும்போது வியர்ப்பது இன்னும் தெரியாது. படகில் கழிப்பறை இல்லை என்று பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைத் தவிர்ப்பார்கள். மதியத்துக்குள் அம்மாவுக்குத் தலைவலி வருவதற்கு வெயிலைவிட இதுவே காரணமாக இருக்கலாம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, நான்கைந்து மணி நேரம் போகாமலே இருந்தாலோ உடம்பு வற்றிவிட்டது.

இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம். எனவே இளநீரோடு உப்புப் போட்ட சாப்பாடோ மோரோ சேர வேண்டும். தலைசுற்றல், தசைப்பிடிப்பு என்றால் ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை முழுசாக ஒரு லிட்டர் நீரில் கரைத்துச் சிறுகச் சிறுகக் குடிக்கலாம். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரே டம்ளரில் கரைத்துக் குடிப்பது பிழை. உப்பு மிகுந்துபோய் நிலைமை மோசமாகும். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும்.

பையில் இருக்கும் மாத்திரைகளையும் ஒரு முறை பார்க்க வேண்டும். பருவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் தரப்படும் டாக்சிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு இரண்டும் தோலைச் சீக்கிரம் பொசுங்க வைப்பவை. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, நிழலைக் கூட்டிக்கொள்ளலாம்.

முதுகு முழுக்கக் கொப்புளம், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வாந்தி, பேச்சில் குழப்பம், கைக்குழந்தைக்கு எந்த அளவிலான சன்பர்னும் என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தீவின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே போக வேண்டும். பெரிய மருத்துவமனை இருப்பது முன்பு போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில். அங்கே போக ஒன்றரை மணி நேரமாவது கப்பல் பயணம்.

பொசுங்கிய முதுகு ஆறப் பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். உரிந்த இடம் சில மாதம்கூடக் கருத்துக் கிடக்கலாம். அதுவரை அந்தத் தோலில் வெயில் படக் கூடாது. அப்பாவுக்கு மிச்ச நாட்களில் ராதாநகர் கடற்கரை இருக்கிறது. மேற்கு பார்த்த கரை, பின்னால் நெடிய மரங்கள். மூன்றரைக்கு மேல் தளர்வான முழுக்கைச் சட்டையோடு மர நிழலில் உட்கார்ந்தால், ஐந்தரை மணி அஸ்தமனம்வரை பிள்ளைகள் அலையில் ஆடுவதைப் பார்க்கலாம்.