தேடினால் கிடைக்கும் தீர்ப்பு இன்றும் செல்லுமா?

காசோலை பணமில்லாமல் திரும்பிவிட்டால் வழக்கை எந்த ஊர் நீதிமன்றத்தில் போடுவது? திருநெல்வேலியில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் சரக்கு வாங்கியவர் சென்னைக்காரர். வங்கிக் கணக்கு தியாகராய நகர் கிளையில். அவர் கொடுத்த காசோலையை வியாபாரி திருநெல்வேலியில் தன் கணக்கில் போட்டார். அது திரும்பியது. வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 15 நாள் ஆகியும் பணம் வரவில்லை. இனி அவர் அலைய வேண்டியது உள்ளூர் நீதிமன்றத்துக்கா, சென்னைக்கா?

இதற்கு உச்ச நீதிமன்றம் 1999இல் ஒரு பதில் சொன்னது. 2014இல் அதற்கு மாறான பதிலைச் சொன்னது. 2015இல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். மூன்று காலத்துத் தீர்ப்புகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒரே தேடலில், ஒன்றன்கீழ் ஒன்றாக. எது பழையது, எது நடப்பு என்று அந்தப் பட்டியல் தானாகச் சொல்லாது. அதைப் பிரித்தெடுக்கத்தான் பிரிவு, நீதிமன்றம், ஆண்டு என்ற வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒரு குறை.

வக்கீல்கள் காசு கட்டிப் பார்க்கும் தளங்கள் தனி. சாதாரண மக்கள் அதிகம் போவது 2008இல் சுஷாந்த் சின்ஹா தொடங்கிய இந்தியன் கானூன் தளத்துக்கு. நீதிமன்றங்களே நடத்தும் judgments.ecourts.gov.in தளமும் உண்டு. இரண்டிலும் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், தேடும் சொல்லையும் ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும்.

நம் வியாபாரி முதலில் என்ன தட்டுவார்? பேச்சு வழக்கில் இருப்பதைத்தான்: cheque bounce where to file case. நீதிபதி இப்படி எழுத மாட்டார். காசோலை திரும்புவது தீர்ப்புகளில் dishonour. எந்த ஊர் என்ற கேள்வி territorial jurisdiction. தேடுபொறி தீர்ப்பின் சொற்களோடுதான் நம் சொற்களைப் பொருத்திப் பார்க்கிறது. அதனால், பொருத்தமான ஒரு தீர்ப்பு எப்படியோ கையில் கிடைத்ததும் முதல் வேலை, அதில் நீதிபதி எந்தச் சொல்லை ஆள்கிறார் என்று பார்த்து, அதை வைத்து மறுபடி தேடுவது. அனுபவமுள்ள ஜூனியர் வக்கீல்கள் செய்வது இதைத்தான். இரண்டு சொற்கள் சேர்ந்தே வர வேண்டுமானால் இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். இல்லாவிட்டால் territorial ஒரு பக்கத்திலும் jurisdiction வேறொரு பக்கத்திலும் இருக்கும் தீர்ப்புகளும் வந்து குவியும்.

அடுத்தது பிரிவு எண். காசோலை வழக்கு என்றால் 138 என்று எல்லோருக்கும் தெரியும். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 1988இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. ஆனால் 138 என்ற எண் அந்தச் சட்டத்துக்கு மட்டும் சொந்தமில்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 138ஆவது பிரிவு சாட்சியை விசாரிக்கும் வரிசையைப் பற்றியது. கம்பெனிச் சட்டத்தின் 138 உள் தணிக்கையைப் பற்றியது. வெறும் எண்ணைத் தட்டினால் குறுக்கு விசாரணை பற்றிய கொலை வழக்குகளும் சேர்ந்தே வரும். சட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தேடினால் அந்தக் கூட்டம் குறையும். அப்போது வேறொரு சிக்கல் முளைக்கிறது. ஒரு நீதிபதி Section 138 என்று எழுதுவார், இன்னொருவர் Sec.138, மற்றொருவர் u/s 138. மேற்கோளுக்குள் ஒரு வடிவத்தை மட்டும் கொடுத்தால் மற்ற வடிவங்களில் எழுதப்பட்டவை தப்பிவிடும்.

இந்தியன் கானூனில் இதற்கு ஒரு நல்ல குறுக்குவழி உண்டு. சட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் அங்கே தனிப்பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்தால், அதை மேற்கோள் காட்டிய தீர்ப்புகளின் பட்டியலுக்கு அங்கிருந்தே போகலாம். எழுதும் பாணி மாறினாலும் இணைப்பு பெரும்பாலும் சரியாக விழுந்திருக்கும்.

அரசுத் தளத்தில் பிரிவு வடிகட்டியின் தன்மை வேறு. வழக்கு எந்தப் பிரிவின்கீழ் தாக்கலானது என்ற பதிவை அது நம்புகிறது. காசோலை வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போகும் மனு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482ஆவது பிரிவின்கீழ் போடப்படுவது. பதிவில் 482 மட்டும் இருந்தால், 138 என்று வடிகட்டும்போது அது கண்ணில் படாது. 2024 ஜூலை 1 முதல் அந்த 482க்கும் ஆபத்து வந்துவிட்டது. புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 என்பது முன்ஜாமீன். பழைய 482இன் வேலையை இப்போது 528 செய்கிறது. பிரிவு எண்ணை மட்டும் நம்பித் தேடுகிறவர், ரத்து மனுவைத் தேடப்போய் முன்ஜாமீன் உத்தரவுகளோடு திரும்பி வருவார்.

நீதிமன்ற வடிகட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு திருநெல்வேலி மாஜிஸ்திரேட்டைக் கட்டுப்படுத்தும். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை எடுத்துக்காட்டலாம், அவர் ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். ஆகவே முதலில் உச்ச நீதிமன்றம், பிறகு சென்னை என்று போவதே முறை. இந்தியன் கானூனில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கான குறிச்சொல் chennai, உச்ச நீதிமன்றத்துக்கு supremecourt. திருநெல்வேலி வழக்குகள் போவது மதுரைக் கிளைக்கு. வழக்கு எண்ணில் (MD) என்று இருந்தால் அது மதுரையில் நடந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆண்டு வடிகட்டிதான் பார்க்க எளிது, ஆனால் ஏமாற்றுவதில் முதலிடம் அதற்குத்தான். ஒரு தீர்ப்போடு மூன்று ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வழக்கு எண்ணில் இருப்பது தாக்கலான ஆண்டு. தீர்ப்பு வந்தது இன்னோர் ஆண்டாக இருக்கலாம். தீர்ப்புத் திரட்டில் அச்சேறிய ஆண்டு மூன்றாவது. வடிகட்டி பார்ப்பது பொதுவாக நடுவில் உள்ளதை, அதாவது தீர்ப்பு வந்த தேதியை. நம் வியாபாரியின் கேள்வியிலேயே இது எப்படிக் கவிழ்க்கும் என்று பார்க்கலாம்.

1999இல் வந்த கே. பாஸ்கரன் வழக்கில், காசோலை எழுதப்பட்ட இடம், வங்கியில் போடப்பட்ட இடம், திரும்பிய இடம், நோட்டீஸ் தொடர்பான இடம், பணம் தர வேண்டியிருந்த இடம் என ஐந்தில் எங்கு வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்று இரண்டு நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதன்படி திருநெல்வேலி சரி. 2014 ஆகஸ்ட் 1 அன்று தஷ்ரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. காசோலை எந்த வங்கிக் கிளையின் மீது எழுதப்பட்டதோ அந்த ஊர்தான் என்றது. அதன்படி வியாபாரி சென்னைக்குத்தான் போயாக வேண்டும். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2015 ஜூனில் அவசரச் சட்டம் வந்தது. பிறகு நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டமும் 2015 ஜூன் 15 முதல் செல்லுபடியாகும்படி செய்யப்பட்டது. காசோலையைத் தன் கணக்கில் போட்டு வசூலிக்கக் கொடுத்தவருக்கு, அந்தக் கணக்கு இருக்கும் கிளையின் ஊர் நீதிமன்றமே உரியது. மறுபடி திருநெல்வேலி.

திருத்தச் சட்டம் 2015 டிசம்பர் கடைசியில்தானே அரசிதழில் வந்தது, 2016இலிருந்து தேடுவோம் என்று ஒருவர் நினைப்பது இயல்பு. அவர் தட்டுவது இப்படி இருக்கும்:

```
"territorial jurisdiction" ANDD cheque doctypes: supremecourt fromdate: 1-1-2016
```

ANDD என்று இரண்டு D போட்டு, பெரிய எழுத்தில் கொடுப்பது அந்தத் தளத்தின் வழக்கம். தேடலில் பிழையில்லை, ஆனால் அவருக்கு மிகவும் வேண்டிய தீர்ப்பு வராது. பிரிட்ஜ்ஸ்டோன் இந்தியா எதிர் இந்தர்பால் சிங் என்ற வழக்கு அது. சண்டிகர் கிளையின் காசோலை, இந்தூர் வங்கியில் போடப்பட்டது. இந்தூர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் வியாபாரியின் நிலைமையேதான். தீர்ப்பு வந்தது 2015 நவம்பர் 24 அன்று, அவசரச் சட்டத்தின் அடிப்படையிலேயே. தீர்ப்புத் திரட்டில் அது 2016ஆம் ஆண்டுத் தொகுதியில் இருப்பதால் வக்கீல்கள் 2016 என்றே மேற்கோள் காட்டுவார்கள். அதைக் கேட்டு 2016ஐ வைத்து வடிகட்டினாலும் அகப்படாது. தொடக்கத் தேதியைச் சட்டம் அமலுக்கு வந்த நாளுக்கே, 15-6-2015க்கு, நகர்த்தினால் கிடைக்கும்.

தேதியே கொடுக்காமலும் இந்தக் காலத்தைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. திருத்தத்துக்கு முன் 142ஆவது பிரிவுக்கு உட்பிரிவு (2) கிடையாது, 142A என்ற பிரிவே கிடையாது. அந்த எண்களைக் குறிப்பிடும் தீர்ப்பு 2015 ஜூனுக்கு முன் பிறந்திருக்க முடியாது. ஆண்டு வடிகட்டியைவிட இந்த வழி நம்பகமானது என்பது என் எண்ணம். 2017இல் வந்த தீர்ப்பு என்பதற்காக அது புதிய சட்டத்தைத்தான் பேசுகிறது என்று சொல்ல முடியாது; ஆனால் 142(2)ஐ எடுத்து விவாதிக்கும் தீர்ப்பு புதிய சட்டத்தைக் கண்டிப்பாகத் தொட்டிருக்கும்.

கிடைத்த தீர்ப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பது கடைசி வேலை. கட்டணத் தளங்களில், பின்னாளில் மாற்றப்பட்ட தீர்ப்புகளுக்கு அடையாளம் போட்டிருப்பார்கள். இலவசமாகப் பார்க்கிறவர் தானே துழாவ வேண்டும். தீர்ப்பை மேற்கோள் காட்டியவற்றின் பட்டியலைத் திறந்து, உச்ச நீதிமன்றத்தை மட்டும் வைத்து, புதியது மேலே வரும்படி அடுக்க வேண்டும். பாஸ்கரன் தீர்ப்புக்கு இதைச் செய்தால் தஷ்ரத் தீர்ப்பு வந்து நிற்கும். திறந்து பார்த்தால் அமர்வின் விவரத்தில் மூன்று பெயர்கள், பாஸ்கரனில் இரண்டு. எது ஓங்கியது என்பதில் குழப்பமில்லை.

தஷ்ரத் தீர்ப்புக்கும் அதையே செய்யும்போதுதான் கவனம் வேண்டும். அதை எந்தப் பெரிய அமர்வும் தள்ளுபடி செய்யவில்லை. அடித்தளத்தில் இருந்த சட்டம்தான் மாறியது. அந்த மாற்றத்தைச் சொல்லாமல் தஷ்ரத்தை வேறு காரணத்துக்காக எடுத்துக்காட்டும் தீர்ப்புகளும் பட்டியலில் இருக்கும். அவற்றை மட்டும் படித்துவிட்டு அது இன்றும் முழு வலுவோடு நிற்பதாக நம்பிவிடலாம். எனவே தீர்ப்புகளை மூடிவிட்டு, மத்திய அரசின் indiacode.nic.in தளத்தில் 142ஆவது பிரிவின் இன்றைய வாசகத்தை ஒருமுறை படிக்க வேண்டும். அடிக்குறிப்பில், எந்தத் திருத்தச் சட்டம் எந்த நாளிலிருந்து அந்த வரிகளைச் சேர்த்தது என்று போட்டிருப்பார்கள். வியாபாரி தன் ஆண்டு வடிகட்டிக்குக் கொடுக்க வேண்டிய தேதி அங்கே இருக்கிறது.