கார்ட்டூன் சேனலின் கணக்கு

சென்னையில் 2013-ல் தொடங்கிய சுசு டிவி, குழந்தைப் பாடல்களால் உலகப் புகழ் பெற்றது. அதைப் பார்த்து அனிமேஷன் சேனல் தொடங்குபவர் முதலில் எடுக்கும் முடிவுதான் வருமானத்தைத் தீர்மானிக்கிறது: வீடியோ குழந்தைகளுக்கா, பெரியவர்களுக்கா?

குழந்தைகளுக்கானது என்றால், பார்ப்பவரின் விருப்பமறிந்து காட்டும் விளம்பரங்களை யூடியூப் 2020 முதல் நிறுத்திவிட்டது. விளம்பரக் காசு குறையும். அந்த வீடியோவில் உறுப்பினராகச் சேரும் பொத்தானும் இருக்காது.

பெரியவர்களுக்கான கதைச் சேனல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். யூடியூபின் பங்கு போக, ஆயிரம் பார்வைக்கு 40 ரூபாய் கைக்கு வருவதாக வைத்தால், லட்சம் பார்வைக்கு 4,000 ரூபாய். மாதம் 59 ரூபாய் கட்டும் உறுப்பினர்கள் 50 பேர் இருந்தால் 2,950. அதில் 70 சதவீதம், சுமார் 2,065 ரூபாய், சேனலுக்கு.

ஐந்து நிமிட அனிமேஷனுக்கு இரண்டு வாரம் உழைப்பவருக்கு இது கட்டுப்படியாகாது.

இடைவெளியை நிரப்புவது ஸ்பான்சர்தான். அந்தத் தொகை நேரடிப் பேரம், யூடியூபுக்குப் பங்கில்லை. ஆனால் கட்டண விளம்பரம் இருப்பதை வீடியோவில் அறிவிக்க வேண்டும். ஸ்பான்சர் மாதாமாதம் வருவதும் உறுதியில்லை.