பித்தளை விளக்கில் பச்சைக் களிம்பு: கீறாமல் போக்கும் முறை

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். பூஜை விளக்கில் படியும் கறைகளில் பெரும்பாலானவை அதிலுள்ள செம்பினால் வருபவை. காற்றும் ஈரமும் பட்டுச் செம்பு மெல்ல மாறும்போது தண்டும் பீடமும் பழுப்பேறிக் கறுக்கின்றன. பச்சை நிறம் இரண்டு வகையாக வரும். எண்ணெய் நிற்கும் அகலிலும் திரி வைக்கும் முகத்திலும் பிசுபிசுப்பாகப் படிவது, எண்ணெயிலுள்ள அமிலம் செம்போடு சேர்ந்து உண்டான களிம்பு. கழுவிய விளக்கைத் துடைக்காமல் வைத்தால் மரையிடுக்கிலும் பீடத்தின் அடியிலும் காய்ந்த தூளாகப் பூப்பது, ஈரத்தால் வந்த களிம்பு. விரலால் தொட்டால் வேறுபாடு தெரியும்: முன்னது இழுபடும், பின்னது உதிரும்.

இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எடுத்த எடுப்பில் புளியைத் தேய்ப்பதால்தான் பல வீடுகளில் விளக்கு கீறுகிறது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் புளித்தண்ணீர் ஒட்டாது. கறை போகவில்லையே என்று கை அழுத்தும்; அடுத்து கம்பி நார் வரும். ஆகவே முதல் வேலை எண்ணெயை எடுப்பது.

ஒன்றரை அடி உயர ஐந்துமுகக் குத்துவிளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டால், முதலில் மரையைத் திருகி அன்னம், அகல், தண்டு, பீடம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்ற வேண்டும். நின்ற எண்ணெயைப் பழைய துணியால் ஒற்றியெடுத்தபின், கை பொறுக்கும் சூடான தண்ணீரில் இரண்டு கைப்பிடி விறகுச் சாம்பலைக் கரைத்து, தெளிந்த நீரில் பாகங்களைக் கால் மணி நேரம் ஊறவிடலாம். சாம்பலில் உள்ள காரம் எண்ணெயோடு சேர்ந்து சோப்புப்போல ஆகிப் பிசுக்கை இளக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் இடுக்குகளுக்குப் போதும். இந்த நிலையிலேயே பிசுக்குப் பச்சையில் பாதி போய்விடும்.

அடுத்தது புளி. எலுமிச்சை அளவு பழைய புளியை அரை டம்ளர் வெந்நீரில் ஊறவைத்து, கொட்டையும் கோதும் மணலும் நீக்கிக் கெட்டியாகக் கரைக்க வேண்டும். கடைப்புளியில் மண் இருப்பது சகஜம். அதுவே கீறும் என்பதால் வடிகட்டுவது அவசியம். கரைசலைத் துணியால் பூசி ஐந்து நிமிடம் விட்டால் போதும், தேய்க்கத் தேவையில்லை. புளியின் அமிலம் கறையைக் கரைத்துவிடும். துடைக்கும்போது மஞ்சள் வெளியே வரும். விடாப்பிடியான பச்சைத் திட்டுகளின் மேல் மட்டும் எலுமிச்சைச் சாறு நனைத்த பஞ்சைச் சில நிமிடம் ஒட்டிவைக்கலாம். எலுமிச்சை புளியைவிட வேகமாக வேலை செய்யும். அதனால் விளக்கு முழுவதற்கும் அது வேண்டாம். மணிக்கணக்கில் அமிலத்தில் ஊறிய பித்தளையில் துத்தநாகம் கரைந்து வெளியேற, செம்பு மட்டும் மேலே நின்று இளஞ்சிவப்புத் திட்டாகத் தெரியும். அப்படி ஒரு திட்டு தெரிந்தால் உடனே கழுவிவிட வேண்டும். எலுமிச்சையோடு கல்லுப்பு சேர்த்துத் தேய்க்கும் பழக்கமும் நல்லதல்ல. பரல்கள் கீறும், இடுக்கில் தங்கிய உப்பு ஈரத்தை இழுத்துப் பச்சையை மறுபடி கொண்டுவரும்.

நன்றாகக் கழுவிய பிறகே சாம்பல். புளியையும் சாம்பலையும் ஒன்றாகக் குழைத்துத் தேய்ப்பது நம் வீடுகளில் பரவலான வழக்கம்தான், ஆனால் அதில் லாபமில்லை: சாம்பலின் காரம் புளியின் அமிலத்தை முறித்துவிடும். நுரை பொங்குவதை வேலை நடக்கிற அடையாளமாக நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டின் வலுவும் அங்கே வீணாகிறது. பின்னால் போட்டால், மிச்சமிருக்கும் புளிப்பை முறித்து மெருகும் ஏற்றும்.

சாம்பலைத் தேர்ந்தெடுப்பதில்தான் கீறல் விஷயம் இருக்கிறது. விறகுச் சாம்பலும் எருச் சாம்பலும் ஏற்றவை, சலித்தால். உமிச் சாம்பலில் மணலைப் போன்ற கடினமான துகள் அதிகம். அதைத் தவிர்ப்பது நல்லது. சாம்பலை மெல்லிய வேட்டித் துணியில் சலிக்கலாம். இல்லையென்றால் தண்ணீரில் கலக்கி, கனத்த துகள் அடியில் இறங்கியதும் மேலிருக்கும் கலங்கல் நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றி, அதில் படியும் நைசான வண்டலை எடுத்துக்கொள்ளலாம். இரு விரலுக்கிடையே தேய்த்தால் மாவுபோல இருக்க வேண்டும். நறநறத்தால் அது விளக்கையும் கீறும். ஈரப் பருத்தித் துணியில் தொட்டு, தண்டின் கடைசல் வரிகள் ஓடும் திசையிலேயே மெல்லத் தேய்க்க வேண்டும்.

கடைசியாகக் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, மரைகள் முழுக்கக் காய்ந்த பிறகே பாகங்களைப் பூட்ட வேண்டும். களிம்பு கலந்த புளிக்கரைசல் உடலுக்கு ஆகாது. அதைக் கீழே ஊற்றிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது நல்லது. தங்க முலாம் பூசிய விளக்குக்கும் பளபளப்புப் பூச்சு அடித்த புது விளக்குக்கும் இந்த முறை பொருந்தாது. அவற்றுக்கு இளஞ்சூடான சோப்பு நீரே போதும். பச்சையை எடுத்த இடத்தில் சின்னக் குழி தெரிந்தால் உலோகம் அரித்துவிட்டது என்று பொருள். எவ்வளவு தேய்த்தாலும் அது நிரம்பாது.