பின் நுழைந்தால் போதுமா?

ஆன்லைன் கடைகளில் வெளிநாட்டு ஹேர் டிரையர்கள் நிறையக் கிடைக்கின்றன. வாங்குபவர் விலையைப் பார்ப்பார், நட்சத்திரங்களைப் பார்ப்பார். ‘120V, 60Hz, 1500W’ என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும் வரியைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

அது அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்த பொருள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நம்மூரில் 230. தட்டைப் பின் நம் சுவரில் நுழையாது என்பதால் பலர் நூறு, இருநூறு ரூபாய்க்கு ஒரு டிராவல் அடாப்டரையும் சேர்த்து வாங்குவார்கள். பின்னின் வடிவத்தை மாற்றுவதோடு அதன் வேலை முடிந்தது, வோல்டேஜை அது தொடுவதே இல்லை. வோல்டேஜ் ஏறக்குறைய இரண்டு மடங்கானால் சூடேற்றும் கம்பி இழுக்கும் சக்தி அதன் வர்க்கமாக ஏறும். 1500 வாட் டிரையர் 5,500 வாட்டைத் தொடும். சில நொடிகளில் கருகல் வாடை வரும், அல்லது ஃபியூஸ் போகும்.

பட்டியலில் ‘INPUT: 100-240V~ 50/60Hz’ என்று இருந்தால் கவலையில்லை. அந்தச் சிறு கோடு, இடைப்பட்ட எந்த வோல்டேஜையும் கருவி தானாக ஏற்கும் என்பதற்கு அடையாளம். செல்போன், லேப்டாப் சார்ஜர்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அவற்றுக்குப் பின்னை மாற்றினாலே போதும். ‘110/220V’ என்று சாய்கோடு போட்டிருந்தால் உஷார்! பல கருவிகளில் ஒரு சின்ன சுவிட்சைக் கையால் நகர்த்த வேண்டியிருக்கும்.

இன்னொரு வகைத் தொல்லை சுவரில் இல்லை, வயரின் மறுமுனையில் இருக்கிறது. வைஃபை ரவுட்டரின் அடாப்டர் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழைய அடாப்டரில் ‘OUTPUT: 12V 1A’ என்று இருக்கிறது. புதியதிலும் 12 வோல்ட் அப்படியே இருக்க வேண்டும், 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 கொடுத்தால் உள்ளே ஏதாவது வெந்துவிடலாம். ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம். 2 ஆம்பியர் அடாப்டரிலிருந்து ரவுட்டர் தனக்கு வேண்டிய 1 ஆம்பியரைத்தான் எடுக்கும். அரை ஆம்பியர் அடாப்டர் என்றால் திணறும்.

அடுத்தது, ரவுட்டரில் செருகும் உருண்டை முனை. பட்டியலில் ‘5.5 x 2.1 mm’ என்றோ ‘5.5 x 2.5 mm’ என்றோ போட்டிருப்பார்கள். முதல் எண் வெளிச்சுற்றளவு அல்ல, வெளி விட்டம். இரண்டாவது உள்துளையின் விட்டம். வெளியே இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் கண்ணால் பிரிப்பது கடினம். 2.1 கேட்கும் ரவுட்டரில் 2.5 முனை சுலபமாக நுழைந்துவிடும், ஆனால் பிடிப்பு இருக்காது. வயர் லேசாக அசைந்தாலே ரவுட்டர் அணைந்து மறுபடி எரியும். வீட்டில் எல்லோரும் இன்டர்நெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

லேபிளில் நடுவே ஒரு புள்ளியும் இருபுறமும் + − குறிகளும் கொண்ட சிறு படம் இருக்கும். புள்ளியோடு இணைந்திருப்பது + என்றால் முனையின் உட்பக்கம் பாசிட்டிவ். ரவுட்டர்களில் அதுதான் வழக்கம். கிட்டார் பெடல்கள் பலவற்றில் இது தலைகீழ். ஆர்டர் செய்யுமுன் பழைய லேபிளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், அதிலுள்ள வோல்டேஜையும் இந்தப் படத்தையும் விற்பவரின் பட்டியலோடு ஒப்பிடலாம். முனையின் அளவு மட்டும் லேபிளில் பெரும்பாலும் இருக்காது, ரவுட்டரின் மாடல் எண்ணைச் சொல்லி விற்பவரிடம் கேட்க வேண்டும்.