சாவி, வண்டி, தம்பி

சினிமாவில் பக்கவாதம் வந்தவரை நமக்கு நன்றாகத் தெரியும். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும், கை மடங்கியிருக்கும், கண்ணில் நீர் வழியும். பேச்சு மட்டும் வராது. கடைசிக் காட்சியில் மகனை யாராவது கத்தியால் குத்த வரும்போது, "டேய்!" என்று ஒரு முழு வசனமே வந்துவிடும். சிறுகதைகளும் பல நேரம் இதே வழியில்தான் போகின்றன. நோயாளி ஓரமாகப் படுத்திருப்பார், கதையை வேறு யாராவது சொல்வார்கள்.

அந்த நோயாளியே கதையைச் சொன்னால் என்ன ஆகும்? அதுவும் வயதானவராக இல்லாமல், இருபத்தெட்டு வயது லோடு ஆட்டோ ஓட்டுநராக இருந்தால்? எழுத உட்காரும் எவருக்கும் முதல் பக்கத்திலேயே ஒரு முட்டுக்கட்டை காத்திருக்கிறது. பேச்சு போனவன் எப்படிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறான்? இதற்குப் பதில் சொல்ல, அவனுக்குப் போனது எது, போகாதது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இளம் வயதில் பக்கவாதம் வருமா என்று வாசகர் கேட்பார். வரும். நம் ஊரில் அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல், சிலருக்கு இதயத்தின் வால்வைக் கெடுத்துவிடும். மூட்டு வலி போய்விடும், வால்வு சுருங்கிக்கொண்டே வரும். பல வருடம் கழித்து, சரியாக வெளியேற முடியாமல் இதயத்தின் இடது மேலறையில் தேங்கும் ரத்தம் கட்டியாக உறைகிறது. அதில் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போகிறது. நம் கதைசொல்லிக்கு அது இடது பக்க மூளையின் நடு ரத்தக்குழாயில், அதன் மேல் கிளையில் போய் அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில் பல் விளக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுகிறது. வலது கையும் முகத்தின் வலது பக்கமும் தளர்கின்றன, கால் அவ்வளவாக இல்லை. அம்மாவைக் கூப்பிட வாயைத் திறக்கிறான். வார்த்தை இல்லை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான கதைகள் சறுக்குகின்றன. பக்கவாதத்துக்குப் பின் வரும் பேச்சுக் கோளாறு எல்லாம் ஒன்றல்ல. நாக்கும் உதடும் தளர்ந்து குழறுவது ஒரு வகை. மருத்துவர்கள் அதை டிஸார்த்ரியா என்பார்கள். மொழியே சேதமாவது இன்னொரு வகை. அதன் பெயர் அஃபேசியா. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வரலாம், ஆனால் காகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. வண்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுக்கச் சொல்ல நினைக்கிறான் என்று வையுங்கள். குழறல் மட்டும் உள்ளவன் இப்படிச் சொல்வான்: "ழண்டிச் ஷாவிய தம்பிகிட்ட குழுத்திழும்மா." கேட்பவருக்குப் புரியாமல் போகலாம், ஆனால் வாக்கியத்தில் ஒரு உருபுகூடக் குறையவில்லை. கையில் பேனாவைக் கொடுத்தால் பிழையில்லாமல் எழுதிவிடுவான்.

நம் கதைசொல்லிக்கு வந்திருப்பது அஃபேசியா, அதிலும் புரோகா வகை. அவன் சொல்வது இவ்வளவுதான்: "சாவி... வண்டி... சாவி... தம்பி." பெயர்கள் வருகின்றன. அவற்றை ஒட்டவைக்கும் 'ஐ', 'கிட்ட', 'இரு' எல்லாம் உதிர்ந்துவிட்டன. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் நீண்ட இடைவெளி, நெற்றியில் வியர்வை. சாவி தம்பியிடம் இருக்கிறதா, தம்பிக்குக் கொடுக்க வேண்டுமா, தம்பி வண்டியின் சாவியா என்று அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிக் கேட்கும்போதும் ஒரு சிக்கல் வரும். இல்லை என்று சொல்ல நினைத்து "ஆமா" என்பான், தலையை மட்டும் வேகமாக இடமும் வலமும் ஆட்டுவான்.

வாய் ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்று சொல்வது எழுத்தாளரின் கற்பனை அல்ல. புரோகா என்ற பெயருக்குக் காரணமான பிரெஞ்சு மருத்துவர் பால் புரோகா 1861-இல் பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் பார்த்த நோயாளிகளில் இரண்டு பேர் புகழ்பெற்றவர்கள். முதலாமவர் லெபோர்ஞ். எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்று மட்டுமே சொல்வார், கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு முழுதாக வெளிவரும். கதைக்கு அதிகம் உதவுபவர் இரண்டாமவரான லெலோங். எண்பத்து நான்கு வயதுக்காரர், அதற்கு முந்தைய வருடம் மயங்கி விழுந்ததிலிருந்து பேச்சை இழந்தவர். அவரிடம் மிஞ்சியவை ஐந்தே சொற்கள். அதில் எண்ணுக்கென்று இருந்தது 'மூன்று' மட்டும், அதுவும் மழலையாக. எத்தனை குழந்தைகள் என்று புரோகா கேட்டார். அவர் 'மூன்று' என்றார், கையில் நான்கு விரலைக் காட்டினார். விரல்தான் சரி. இப்படி ஒரு காட்சி கதையில் இருந்தால், இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எந்த வாசகரும் நினைக்க மாட்டார்.

அடுத்த பிழை, கதாபாத்திரத்தின் கையில் ஸ்லேட்டைக் கொடுப்பது. வாய்தானே வரவில்லை, எழுதிக் காட்டட்டுமே என்று வீட்டில் எல்லாரும் முதலில் நினைப்பார்கள். அஃபேசியாவில் எழுத்தும் பேச்சோடு சேர்ந்தே விழுகிறது. தம்பி செல்போனை நீட்டுகிறான். கதைசொல்லி இடது கையால் 'வ' என்று தொடுகிறான், அதற்கு மேல் எந்த எழுத்து என்று தெரியாமல் விசைப்பலகையையே பார்க்கிறான். படித்த பையனுக்கு எழுத்து மறந்துபோச்சே என்று அம்மா அழும் இடம் அது. மிகையாக எழுத வேண்டியதே இல்லை.

வராது என்று நினைத்தது சில சமயம் தடையின்றி வந்துவிடும். பழகிப்போன வரிசைகள் அப்படித்தான். இன்று என்ன கிழமை என்று கேட்டால் திணறுவான். ஆனால் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று தொடங்கிவிட்டால் ஓடிவிடுவான், வியாழனில் நிறுத்தத் தெரியாமல் சனி வரை போய்விடுவான். பாட்டும் வரலாம். பக்கத்து வீட்டு ரேடியோவில் பழைய பாட்டு கேட்டதும் இரண்டு அடியைச் சொல் பிசகாமல் பாடுகிறான், வீடே ஓடி வருகிறது. "பேச்சு வந்துடுச்சு!" வரவில்லை. அடுத்த நிமிடம் தண்ணீர் கேட்க முடியாது. இந்த ஏமாற்றத்தைப் பல குடும்பங்கள் உண்மையிலேயே அனுபவித்திருக்கின்றன. பாடும் திறனைப் பிடித்துக்கொண்டு பேச்சுக்குள் நுழைய முடியுமா என்று பார்க்கும் சிகிச்சை 1970-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் உருவானது. இடது கையால் தாளம் தட்டிக்கொண்டே வாக்கியத்தை ராகமாக இழுத்துச் சொல்ல வைப்பார்கள். பயிற்சி செய்த வாக்கியங்கள் பலருக்கு வருகின்றன. அன்றாடப் பேச்சு அதனால் எவ்வளவு திரும்பும் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமனதாக இல்லை.

ஸ்பீச் தெரபிஸ்ட் வரும் காட்சியில் இன்னொரு நுணுக்கத்தைக் கவனிக்கலாம். பேனா படத்தைக் காட்டினால் "பேனா" என்கிறான். அடுத்துக் கடிகாரப் படம். மறுபடி "பேனா". தப்பு என்று அவனுக்கே தெரிகிறது, தலையில் அடித்துக்கொள்கிறான். மூன்றாவது படத்துக்கும் பேனாதான். சொன்ன சொல் வாயில் ஒட்டிக்கொண்டு அடுத்ததை வரவிடாது. தெரபிஸ்ட் "க..." என்று முதல் ஒலியைக் கொடுத்ததும் "கடிகாரம்" தெறித்து வருகிறது. அப்படியானால் சொல் அழிந்துபோகவில்லை, எட்டவில்லை, அவ்வளவுதான். இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, அந்த 'க' போதும்.

இனி ஆரம்பக் கேள்விக்கு வரலாம். உள்ளே என்ன நடக்கிறது? அஃபேசியா உள்ள சிலர், சொல் மனதில் சரியாகக் கேட்கிறது, வாயில்தான் வரவில்லை என்கிறார்கள். வேறு சிலருக்கு உள்ளேயும் அது இல்லை. ஆகவே தெளிவான உள்குரலும் முடங்கிய வாயும் கொண்ட கதைசொல்லி நம்பக்கூடியவனே. ஆனால் முதல் நாளிலிருந்தே அவன் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னால் அது பொய். இங்கிலாந்து நடிகை எமிலியா கிளார்க்குக்கு 2011-இல், இருபத்து நான்கு வயதில், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு நாள் செவிலியர் முழுப் பெயரைக் கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை, அர்த்தமில்லாத ஒலிகளே வந்தன. அவருக்கு அது சுமார் ஒரு வாரத்தில் விலகியது. அமெரிக்க நாவலாசிரியர் பால் வெஸ்டுக்கு அவ்வளவு அதிர்ஷ்டமில்லை. 2003-இல் வந்த பக்கவாதத்துக்குப் பின் அவர் வாயில் 'மெம்' என்ற ஒலி மட்டுமே மிஞ்சியது. ஆனாலும் மனைவியின் துணையோடு சிறிது சிறிதாகச் சொல்லி எழுதவைத்து, அந்த அனுபவத்தையே புத்தகமாக்கி 2008-இல் வெளியிட்டார்.

வெஸ்டின் வழிதான் இந்தக் கதைக்கும் நேர்மையான வழி. கதைசொல்லி ஒரு வருடம் கழித்து, தங்கையிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி எழுதவைக்கிறான். சொற்களை அவள் கோத்துத் தருகிறாள், அவன் ஆமோதிக்கிறான் அல்லது மேசையைத் தட்டி மறுக்கிறான். ஆஸ்பத்திரியின் முதல் நாட்களைப் பற்றி அவனுக்குத் துண்டுதுண்டாகத்தான் தெரியும். மற்றவர்கள் சொன்னதைக்கூட அவன் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். புரோகா வகையில் கேட்பது பெரும்பாலும் புரியும் என்பது உண்மை. ஆனால் "அண்ணனைத் தம்பி திட்டினான்" போன்ற வாக்கியத்தில், முதலில் வந்தவன்தான் திட்டினான் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். கதையில் இரண்டு பேர் மூன்று மாதம் பேசாமல் இருக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா?

காலத்தையும் சரியாகப் போட வேண்டும். முன்னேற்றம் முதல் சில வாரங்களில் வேகமாகவும் மூன்று மாதத்துக்குப் பின் மெதுவாகவும் இருக்கும், ஆனால் வருடக்கணக்கில் தொடரலாம். இரண்டு சொல் வந்தவனுக்கு மூன்றாம் மாதத்தில், "சாவி தம்பிகிட்ட... குடுத்தேன். இல்ல. குடு... குடுக்கணும்" என்பது வரும். உருபு ஒன்று திரும்பிவிட்டது, காலம் தப்பிவிட்டது, தப்பை அவனே பிடித்துத் திருத்துகிறான். களைத்திருந்தால் அன்று மாலையே பழைய நிலைக்குப் போய்விடுவான். ஒரு வருடத்தில் கடையில் கையைக் காட்டி, விலை கேட்டு, சாமான் வாங்கிவிடுவான். போனில் மட்டும் முடியாது. முகமும் கையும் உதவாத இடம் அது, அந்தப் பக்கம் இருப்பவர் அவசரப்படுவார்.

லோடு ஆட்டோ தொழிலே போனில்தான் நடக்கிறது. கதையை எங்கே முடிப்பது என்பது எழுத்தாளர் விருப்பம், ஆனால் இந்த இடத்தைத் தாண்டாமல் முடிப்பது சரியாகாது. எழுதி முடித்ததும் பிரதியைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன், அரசு மருத்துவமனையிலோ தனியாகவோ வேலை செய்யும் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் கொடுத்து வசனங்களை மட்டுமாவது வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அஃபேசியா வந்து மீண்டுகொண்டிருக்கும் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மெதுவாக வாசியுங்கள், அவர் பதில் சொல்லும் வரை குறுக்கே பேசாதீர்கள்.