தளம் தள்ளிப்போகிறது, சார்

வீடு கட்டுகிறவரிடம் கன்டிராக்டர் சொல்லத் தயங்கும் செய்தி ஒன்று உண்டு: "சொன்ன தேதிக்குத் தளம் போட முடியாது." பெரும்பாலும் அது முதல் நாள் இரவுதான் வரும், மழையின் தலையில் பழியைப் போட்டு. நான் மேற்பார்வை பார்த்த ஒரு வீட்டில் அது ஒன்பது நாள் முன்னதாகவே வந்தது. நவம்பர் 5-இல் தளம் என்று பேச்சு. அக்டோபர் 27 காலையிலேயே கன்டிராக்டர் போன் செய்துவிட்டு, அதையே எழுதியும் அனுப்பினார்:

"சார், தளம் 5-ஆம் தேதி முடியாது, 19-ஆம் தேதி போடுகிறேன். பதினான்கு நாள் தாமதத்தில் மழையால் போனது நாலு நாள். மீதி பத்து நாள் என் தவறு, கொத்தனார்களை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டேன். ஜனவரி 20-இல் தருவதாகச் சொன்ன சாவியை 24-இல் தருகிறேன்."

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருக்குக் கோபம் வராமல் இல்லை. ஆனால் தை மாதத்தில் 28-ஆம் தேதி பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார். பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்வதாகவும் சொல்லவில்லை. வங்கியிலிருந்து தளத்துக்கான தவணையைப் பார்வையிட ஆள் வருவதையும் மாற்றச் சொல்லலாம். ஒன்பது நாள் அவகாசம் கிடைத்ததால் இவற்றில் எதுவும் கெடவில்லை. முதல் நாள் இரவு சொல்லியிருந்தால் இதே பதினான்கு நாள் அவருக்கு இரு மடங்காகியிருக்கும்.

ஆசிரியர் கேட்ட கேள்வி சரியானது: "பதினான்கு நாள் போச்சுங்கறீங்க, கடைசியில நாலு நாள்தான் தாமதம்ங்கறீங்க. மீதி பத்து நாள் எங்கிருந்து வரும்?" மீட்புத் திட்டம் என்று எதைக் காட்டினாலும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வரக்கூடாத இடம் ஒன்று இருக்கிறது. தளத்தின் அடியில் நிற்கும் முட்டுகள். ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர நெறி, சாதாரண ஓபிசி சிமென்ட்டுக்கு, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தில் முட்டை ஏழு நாளாவது வைத்திருக்கச் சொல்கிறது. அதற்கு மேல் என்றால் பதினான்கு நாள். பிபிசி சிமென்ட் என்றால் இன்னும் கூட்ட வேண்டும். சென்டரிங் சாமானுக்கு நாள் வாடகை ஓடுவதால், சீக்கிரம் பிரிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பிரித்தால் தளம் தொய்யும், விரிசல் விடும். தண்ணீர் கட்டும் நாட்களும் அப்படித்தான், குறைக்க முடியாது. வெளிப்பூச்சை முன்கூட்டி முடித்து நாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று நவம்பரில் ஒருவர் சொன்னால் நம்ப வேண்டாம். அது மழையில் கரைகிற கணக்கு.

இவர் நாளை எடுத்தது வேறு இடத்தில். பழைய திட்டத்தில் நவம்பர் 19 வரை எல்லா முட்டும் நிற்கும், பிறகு ஒரே குழு உட்பூச்சு பூசி டிசம்பர் 10-இல் முடிக்கும். புதிய திட்டத்தில் தளம் ஓபிசி சிமென்ட்டில், நவம்பர் 19. படுக்கையறைகள் 4.5 மீட்டருக்குள் அடங்குவதால் அங்கே ஏழாம் நாள், 26-ஆம் தேதி, முட்டு பிரியும். உடனே சுவரில் காடி வெட்டி ஒயரிங் பைப் பதித்து, பூச்சும் தொடங்கும். அகலமான ஹாலில் டிசம்பர் 3 வரை முட்டு அப்படியே நிற்கும். ஒரு குழுவுக்குப் பதில் இரண்டு குழு, கூடுதல் கூலி கன்டிராக்டர் பொறுப்பு. உட்பூச்சு டிசம்பர் 14-இல் முடியும். அதாவது பழைய தேதியைவிட நாலு நாள் தாமதம். டைல்ஸும் பெயின்ட்டும் அதே நாலு நாள் தள்ளிப் போகும். அவற்றை அவர் அமுக்கவில்லை, ஈரச் சுவரில் பட்டி பார்த்தால் உரிந்து வரும்.

நடுவில் வீட்டுக்காரர் தன் கண்ணால் பார்க்கும்படி தேதிகளும் வைத்தார். நவம்பர் 8: சுவர் தள மட்டத்துக்கு வந்திருக்கும். 14: பலகை அடித்திருக்கும். 18 காலை: கம்பி கட்டி முடிந்து நான் சரிபார்ப்பேன். 19-இல் பெருமழை என்றால் 21, அதற்குத் தார்ப்பாய் தயார். அந்த இரண்டு நாளும் 24-க்கும் 28-க்கும் நடுவில் உள்ள இடைவெளியிலிருந்து போகும். தளத்துக்கான பணத்தை, தளம் போட்ட பிறகே வாங்குவதாகவும் எழுதியிருந்தார்.

8-ஆம் தேதி ஆசிரியர் கிழக்குச் சுவரில் ஒரு வரிசை செங்கல் குறைவதைப் பார்த்துப் போன் செய்தார். அன்று மாலைக்குள் வைத்து முடித்தார்கள். தளம் 19-ஆம் தேதியே விழுந்தது. 26-ஆம் தேதி படுக்கையறை முட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சென்டரிங் கடைக்காரர் வந்து, ஹாலில் இருப்பதையும் சேர்த்தே ஏற்றிவிடலாமா என்று கேட்டார்.

"வாடகையை எழுதிக்கோங்கண்ணே" என்றார் கன்டிராக்டர். "மூணாம் தேதிதான்."