மழைக் காட்சிக்கு ஓர் ஆள் வேண்டும்

சின்ன அனிமேஷன் ஸ்டூடியோ நடத்துபவருக்கு ஒரு மாணவி மின்னஞ்சல் அனுப்புகிறாள். சிறு வயதிலிருந்தே அனிமேஷன் என்றால் உயிர், உங்கள் படங்களைப் பார்த்து வியந்திருக்கிறேன், என் குறும்படத்துக்கு உங்களால் முடிந்த உதவியைச் செய்யுங்கள் என்று எழுதுகிறாள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் என்ன உதவி, எத்தனை நாளைக்கு, எத்தனை பேர் என்ற விவரம் ஒன்றும் அதில் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் விளம்பரப் படங்களை நம்பிப் பிழைக்கும் இடம் அது. அளவு தெரியாத கோரிக்கைக்கு முதலாளி ஆம் என்று சொல்ல முடியாது. இல்லை என்று சொல்லவும் மனம் வராது. கடிதம் அப்படியே கீழே போய்விடும்.

அந்த அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு படத்தை வைத்தே பார்ப்போம். கதை தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கிறது. மழை இறங்குவதற்குள் உப்பு அம்பாரத்தை மூடிவிட வேண்டும் என்று ஆச்சி ஓடுகிறாள். பேத்தியோ அந்த மழைக்காகத்தான் காத்திருக்கிறாள். ஐந்து நிமிடப் படம், கையால் வரைவது.

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி வைப்பார்கள். அதனால் நொடிக்கு 12 படம் போதும். ஐந்து நிமிடம் என்பது 300 நொடி. அதில் வானம், பாத்தி, காய்கிற உப்பு என்று உருவங்கள் அசையாத காட்சிகள் ஒரு நிமிடம் இருக்கும் என்று கழித்தாலும் 240 நொடி மிஞ்சும். அதற்கு 2,880 படங்கள்.

முக்கியமான நிலைகளை, அதாவது ‘கீ’ படங்களை, மாணவியே வரைகிறாள். இடைப்பட்ட அசைவுகளையும் கரடுமுரடாகப் போட்டுவிடுகிறாள். பிறகு அந்தக் கிறுக்கலான கோடுகளைத் துலக்கி இறுதிக் கோடாக்க வேண்டும். தொழிலில் அதற்கு கிளீன்-அப் என்று பெயர். ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் என்று வைத்தால், எட்டு மணி நேர வேலைநாளில் ஒருவர் 32 படம் முடிப்பார். 2,880 படத்துக்கு 90 நாள். எந்தச் சின்ன ஸ்டூடியோவும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஒருவரை 90 நாள் சும்மா அனுப்பாது. அனுப்பும் என்று நம்புகிறவர் அங்கே வேலை பார்த்ததில்லை.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது பிடிபடுகிறது. படத்தின் பெரும்பகுதியைக் கரிக்கோட்டுச் சாயலிலேயே விட்டுவிடலாம். உப்பளத்து வெயிலுக்கு அந்தக் காய்ந்த கோடு பொருந்தும், கிளீன்-அப்பும் வேண்டாம். மழை இறங்கும் 40 நொடிக் காட்சியில் மட்டும் கோடு வழவழப்பாக, ஈரமாக மாற வேண்டும். நாற்பது நொடிக்கு 480 படம். ஒருவருக்கு 15 வேலைநாள், அதாவது மூன்று வாரம். இது கேட்கக்கூடிய அளவு. ஒரு விளம்பர வேலை முடிந்து அடுத்தது வருவதற்குள் ஜூனியர் ஓவியர் ஒருவருக்கு இப்படி இடைவெளி வாய்ப்பதுண்டு. கதைக்கும் இது நல்லதாகவே முடிந்தது என்பது என் கட்சி. கையிருப்பு குறைவு என்பதால் எடுத்த முடிவு, பார்ப்பவருக்குக் கலை முடிவாகத் தெரியும்.

இப்போது கடிதம் தானாக வரும். தலைப்பு வரியிலேயே விஷயம் இருக்கட்டும்: ‘கல்லூரிக் குறும்படம், 5 நிமிடம்: 480 படங்களுக்கு கிளீன்-அப் உதவி’. உள்ளே இப்படி:

“வணக்கம் சார். நான் அனிமேஷன் இறுதியாண்டு மாணவி. உப்பளத்து ஆச்சியையும் மழைக்குக் காத்திருக்கும் பேத்தியையும் பற்றி ஐந்து நிமிடப் படம் செய்கிறேன். முழு அனிமேட்டிக் கீழே உள்ள இணைப்பில் இருக்கிறது. கடவுச்சொல்லும் அங்கேயே கொடுத்திருக்கிறேன். மழைக் காட்சி 3:10-இல் தொடங்குகிறது. அந்த 40 நொடிக்கு மட்டும் கிளீன்-அப் செய்ய ஓர் ஓவியர் மூன்று வாரம் கிடைத்தால் போதும். கீ படங்களும் இடைப்படங்களும் ஜனவரி கடைசியில் தயாராகிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் உங்களுக்கு எப்போது வேலை குறைவோ அப்போது செய்யலாம்.”

இதற்கு மேல் ஒரு பத்தி போதும். ஸ்டூடியோவுக்கு என்ன கிடைக்கும் என்பது அதில் வரவேண்டும்: படத்தின் தொடக்கத்தில் பெயர், அந்தக் காட்சியைத் தங்கள் ஷோரீலில் காட்டும் உரிமை. ஆனால் இந்த உரிமையைக் கொடுக்க மாணவிக்கு அதிகாரம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மாணவர் படத்தின் பதிப்புரிமை தங்களுடையது என்று சேர்க்கைத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. பட விழாக்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரான்சின் ஆன்சி விழாவில் பட்டப்படிப்புப் படங்களுக்குத் தனிப் போட்டி நடக்கிறது. ஸ்டூடியோவின் பெயரைத் தயாரிப்பாளர் என்று போட்டுவிட்டால், இத்தகைய பிரிவுகளில் அது மாணவர் படம்தானா என்ற கேள்வி வரும். ‘கிளீன்-அப் உதவி’ என்று போட்டால் வேலையின் அளவும் சரியாகத் தெரியும், அந்தத் தலைவலியும் இராது.

அனிமேட்டிக் என்றேனே, அது ஸ்டோரிபோர்டு படங்களை அந்தந்த நேர அளவுக்கு அடுக்கி, தற்காலிக ஒலியும் சேர்த்த வீடியோ. கடிதத்தோடு போகும் மற்ற எல்லாவற்றையும்விட இது பெரியது. கதைச்சுருக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆச்சியின் ஓட்டம் நான்கு நொடியா பதினான்கு நொடியா என்பதைச் சொல்லாது. அனிமேஷன்காரர் அதைத்தான் பார்ப்பார். கூடவே, முடிந்த தோற்றத்தில் இரண்டு படங்கள்: வெயிலில் ஒன்று, மழையில் ஒன்று. வீடியோவைக் கோப்பாக இணைக்க வேண்டாம். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைப்பாகப் போகாது. டிரைவ் இணைப்பு அனுப்புகிறவர்கள் பொதுவாக ஓர் இடத்தில் சறுக்குகிறார்கள். அவர்களுடைய கணினியில் அது நன்றாகத் திறக்கும்; பெறுபவருக்கோ Request access என்று வரும். அனுமதி கேட்டுக் காத்திருந்து யாரும் பார்க்க மாட்டார்கள். கணக்கிலிருந்து வெளியேறி ஒருமுறை திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

விமியோ போன்ற தளத்தில் ஏற்றினால், எத்தனை முறை ஓடியது என்பதை ஏற்றியவர் பார்க்கலாம். ஒவ்வொரு ஸ்டூடியோவுக்கும் தனித்தனியாக ஏற்றிய இணைப்பு அனுப்பினால் இன்னும் வசதி. பத்து நாளாகியும் ஒருமுறைகூட ஓடவில்லை என்றால் தலைப்பு வரியில் கோளாறு, அல்லது அவர்கள் வேலை மும்முரத்தில் இருக்கிறார்கள். ஓடியிருக்கிறது, பதில் மட்டும் இல்லை என்றால் தடை வேறெங்கோ இருக்கிறது. முதலாவது நிலையில் இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல் எழுதலாம். இரண்டாவதில் அனிமேட்டிக்கையோ கோரிக்கையையோதான் திருத்த வேண்டும்.

சம்மதம் என்று பதில் வந்தாலும் விவரமான ஸ்டூடியோ முதலில் ஒரு சோதனை கேட்கும்: மூன்று நொடி ஷாட் ஒன்றை அனுப்பு, செய்து பார்க்கிறோம். மூன்று நொடி என்றால் 36 படம். ஒரு நாளைக்குச் சற்று அதிகம். மாணவி போட்ட கால் மணிக் கணக்கு இங்கேதான் உடையக்கூடும். நனைந்த புடவையின் மடிப்பும் ஈரக் கூந்தலும் ஒரு படத்துக்கு 25 நிமிடம் வாங்கினால், 480 படத்துக்கு 15 நாள் போதாது, 25 நாள் ஆகும். கூடுதலாகப் பத்து நாள் கேட்டுக் கெஞ்சுவதைவிட காட்சியை 24 நொடியாகச் சுருக்குவது மேல். அப்போது 288 படம், மறுபடியும் அதே 15 நாள். எந்தப் பதினாறு நொடி போகும் என்பதை அவளே முடிவு செய்து, அனிமேட்டிக்கைத் திருத்தி, மற்ற ஷாட்டுகளை அவர்கள் கையில் எடுப்பதற்கு முன்பே அனுப்பிவிட வேண்டும்.